Re: Re: கல்லீரல் இறுக்க நோயில் வயிற்று நீர்த் தொற்று: கலைச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

மல்லிகா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் பொதுவாக ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஓர் அத்தியாயம் மட்டும் நிற்கிறது. கல்லீரல் இறுக்க நோயில் வயிற்றில் சேரும் நீர், அதாவது மகோதரம், குடலில் ஓட்டையோ சீழ்க்கட்டியோ எதுவும் இல்லாமலே தொற்றுக்கு ஆளாவதை மருத்துவர்கள் ‘ஸ்பான்டேனியஸ் பாக்டீரியல் பெரிட்டோனைட்டிஸ்’ என்கிறார்கள். இதற்கு ஒரு சொல் வேண்டும். இன்னொன்றும் வேண்டும். பரிசோதனைக்காக ஊசியால் கொஞ்சம் நீர் எடுப்பதற்குத் தனிச் சொல் இல்லாததால், வீட்டார் அதையும் ‘தண்ணி எடுக்கிறது’ என்றே புரிந்துகொள்கிறார்கள். ‘போன வாரம்தானே அஞ்சு லிட்டர் எடுத்தாங்க, மறுபடியுமா’ என்று தடுத்துவிடுகிறார்கள். எனக்கு முதல் சொல்லைவிட இந்த இரண்டாவதுதான் அவசரம்.

திருநாவுக்கரசு எழுதியது:

அம்மா, முதலில் ‘மகோதரம்’ என்பதையே விட வேண்டும். மகா, உதரம் இரண்டும் வடசொல். ‘நீர்வயிறு’ என்றால் யாருக்குப் புரியாது? அடுத்து ‘ஸ்பான்டேனியஸ்’. இதற்குத் ‘தான்தோன்றி’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. எவரும் நடாமல் தானே முளைத்ததைத் தான்தோன்றி என்பது வழக்கு. வயிற்றறையின் உட்சவ்வுக்கு வபை என்று பெயர், ஆக ‘தான்தோன்றி வபையழற்சி’ என்று வையுங்கள், தமிழாகவும் இருக்கும், பொருளும் சரியாகும்.

அன்வர் எழுதியது:

ஐயா, வபையும் வடமொழி ‘வபா’தான். அது போகட்டும், ‘தான்தோன்றி’ என்றால் அடங்காத பிள்ளையைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. வீட்டார் படிக்கிற கையேட்டில் ‘சீழ்நீர்’ என்றே போட்டுவிடலாமே? வயிற்று நீரில் கிருமி சேர்ந்தால் சீழாகிறது, ஒரே சொல்லில் முடிந்தது. மருத்துவர்களுக்கு வேண்டுமானால் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்துவிடலாம்.

ஜெயந்தி எழுதியது:

அன்வர், ‘சீழ்’ மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கல்லீரல் வார்டில் நான் பார்க்கிற பெரிய ஆபத்தே அதுதான். இந்தத் தொற்றில் நீர் பல சமயம் வழக்கமான இள மஞ்சளாகவே இருக்கும், மிஞ்சிப் போனால் லேசாகக் கலங்கியிருக்கும். கண்ணால் பார்த்து ‘சுத்தமாக இருக்கிறதே’ என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு ஓடுவது நடக்கிறது. சீழ் என்று பேர் வைத்தால் சீழைத் தேடுவார்கள், இல்லையென்று நிம்மதியாகிவிடுவார்கள். தொற்றைக் காட்டுவது நீரின் நிறமல்ல, அதிலுள்ள நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று காத்திருக்கக் கூடாது.

‘தான்தோன்றி’ பற்றியும் ஒரு வார்த்தை. 1964-இல் ஹாரல்ட் கான் இந்த நோயை விவரித்தபோது ‘ஸ்பான்டேனியஸ்’ என்ற அடையைப் போட்டார். வயிற்றுக்குள் காரணமாக ஓட்டையோ கட்டியோ தெரியவில்லை என்பதே அதன் கருத்து. காரணமே இல்லை என்று அர்த்தமில்லை. குடலில் இருக்கும் கிருமிகள் குடல் சுவரைத் தாண்டி நிணநீருக்கும் இரத்தத்துக்கும் போகின்றன, நோயுற்ற கல்லீரலால் அவற்றை வடிகட்ட முடிவதில்லை, புரதம் குறைந்த நீரில் அவற்றைக் கொல்லும் சக்தியும் குறைவு. பேரில் ‘தானாக’ என்று வந்தால், ஒன்றும் செய்ய முடியாது, தலைவிதி என்று வீட்டார் நினைக்கக் கூடும்.

திருநாவுக்கரசு எழுதியது:

மருத்துவர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் வள்ளுவரிடமே போகலாம். ‘நோய்முதல் நாடி’ என்கிறார், அங்கே ‘முதல்’ என்றால் காரணம். இந்த நோயில் முதல் புலப்படவில்லை, ஆக ‘முதல்தெரியா நீர்வயிற்றுத் தொற்று’ எனலாம். நீரெடுப்புக்கும் ஒரு சொல் தருகிறேன். தமிழில் நீரை அளந்து எடுப்பது ‘முகத்தல்’. முகத்தலளவை என்று பள்ளியிலேயே படித்தோம். பட்டினப்பாலையில் ‘வான் முகந்த நீர்’ வருகிறது. தேவையில்லாத நீரைப் போக்குவது ‘வடித்தல்’. ஆகவே வயிறு தணிய எடுப்பது வடிப்பு, பார்த்துத் தெரிந்துகொள்ள எடுப்பது முகப்பு.

கண்ணன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு மொழியியல் அதிகம் தெரியாது. என் அம்மாவுக்கு இதே நோய் வந்தது. காய்ச்சல் கிடையாது, வயிற்று வலியும் பெரிதாக இல்லை, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார், பேச்சு குழறியது. சேர்த்த இடத்தில் மலமிளக்கி மட்டும் கொடுத்தார்கள், இரண்டு நாள் நீர் எடுக்கவே இல்லை. இரத்தம் உறையும் நேரம் அதிகமாக இருக்கிறது, ஊசி போட்டால் இரத்தம் கசியும் என்றார்கள். மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர் வந்து எடுக்கச் சொன்னார். மொத்த வெள்ளணு 1,200, அதில் 60 சதவீதம் நியூட்ரோபில் என்று தாளில் இருந்தது. கிருமி வளர்ச்சி ‘இல்லை’ என்று வந்தது. உறவினர் ஒருவர், கிருமியே இல்லையே, ஊசி மருந்தை நிறுத்துங்கள் என்று சண்டை போட்டார். இது தொற்றா இல்லையா? டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வயிற்றில் வருவதும் இதுதானா?

ஜெயந்தி எழுதியது:

கண்ணன், தாளில் இருந்த இரண்டு எண்களைப் பெருக்கிப் பாருங்கள். 1,200-இல் 60 சதவீதம் 720. 250-ஐ எப்போதோ தாண்டிவிட்டது, அது தொற்றுதான். கிருமி வளராததால் தொற்று இல்லை என்று ஆகாது. நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும், அதனால் நிறைய பேருக்கு வளர்ப்பில் ஒன்றும் வருவதில்லை. மருந்தை நிறுத்தாமல் விட்டது நல்லது. மல்லிகா கையேட்டில் இதையே உதாரணமாகப் போடலாம்.

இரத்தம் உறைதல் பற்றிய பயமும் பெரும்பாலும் தேவையற்றது. கல்லீரல் நோயில் அந்த எண் கூடித்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய பிளாஸ்மா ஏற்றிய பிறகுதான் ஊசி என்று வழிகாட்டிகள் சொல்வதில்லை. இடது அடிவயிற்றில், மேற்பரப்பில் தெரியும் இரத்தக் குழாய்களை விலக்கி, சிறிய ஊசியால் எடுத்தால் பெரிய இரத்தக்கசிவு அரிது. மயக்கம், சிறுநீர் குறைவு, இரத்த வாந்தி, காரணம் புரியாத சரிவு, எதற்காகச் சேர்ந்திருந்தாலும் வயிற்றில் நீர் இருந்தால் சேர்ந்த அன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதம் ஆக ஆக உயிரிழப்பு கூடுகிறது. இரத்தத்தை வெளியே எடுக்காமல் வயிற்றுக்குள் திரவம் விட்டுச் செய்யும் டயாலிசிஸில் வரும் தொற்று வேறு, வழி குழாய், அளவுகோலும் வேறு. இங்கே கலக்க வேண்டாம்.

செவிலியர் பகுதிக்கு ஒன்று. நீர் எடுத்தவுடன் படுக்கையருகிலேயே இரத்தக் கல்ச்சர் புட்டிகளில் பத்து பத்து மில்லிலிட்டர் விட வேண்டும், ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் விட்டால் வளர்ச்சி கிடைப்பது குறைகிறது. எண்ணிக்கைக்கு உள்ளது உறையாத ஊதா மூடிக் குழாயில் போக வேண்டும். வெறும் குழாயில் அனுப்பினால் நீர் உறைந்து செல்களும் அதில் மாட்டிக்கொள்ளும், எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். இரத்தம் கலந்த மாதிரி என்றால் ஒவ்வொரு 250 சிவப்பணுவுக்கும் ஒரு நியூட்ரோபிலைக் கழித்துக்கொள்வார்கள்.

மருந்தைத் தொடங்கிய இரண்டு நாளில் நிலைமை தேறாவிட்டால் மறுபடி எடுத்து எண்ணிக்கையைப் பார்க்கிறோம். அப்போதும் குறையவில்லை என்றால், அல்லது முதல் மாதிரியிலேயே பல வகைக் கிருமி வளர்ந்து, நீரில் சர்க்கரை மிகக் குறைந்து, எல்டிஹெச் என்ற நொதி கூடியிருந்தால், குடலில் ஓட்டை இருக்கலாம், ஸ்கேனுக்குப் போக வேண்டும். இரண்டையும் பிரிக்கத்தான் அந்த ‘ஸ்பான்டேனியஸ்’ என்ற அடை வந்தது.

அன்வர் எழுதியது:

சரி, சீழை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘முகப்பு’ வேண்டாம், வீட்டு முகப்பு, புத்தக முகப்பு என்று எல்லோருக்கும் வேறு நினைவு வரும். ‘சோதனை நீரெடுப்பு’ என்றால் பாமரனுக்கும் புரியும். பெரிய அளவில் எடுப்பது ‘நீர்வடிப்பு’. எத்தனை மில்லிலிட்டர் என்று கையேட்டிலேயே அருகில் எழுதிவிடலாம், அப்போது வீட்டார் தடுக்க மாட்டார்கள்.

திருநாவுக்கரசு எழுதியது:

‘எடுப்பு’ என்பது ‘முகத்தல்’ சொல்லும் நுட்பத்தைச் சொல்வதில்லை. முகப்பு வேண்டாமென்றால் ‘மாதிரி முகத்தல்’ என்றாவது வையுங்கள். புரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுப்பு, போடுதல், வைத்தல் என்று சுருக்கிக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்கு நாம் என்ன வினைச்சொல்லை விட்டுச் செல்வோம்?

மல்லிகா எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இரவுப் பணியில் இருக்கும் பெண் ஒருத்தி அந்தச் சொல்லைச் சொல்லி அரைத் தூக்கத்தில் இருக்கும் மகனிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ‘சோதனைக்குக் கொஞ்சம் நீர் எடுக்கிறோம், சுமார் முப்பது மில்லிலிட்டர், வயிறு குறையாது’ என்று சொல்ல வைப்பதுதான் என் நோக்கம். இனி தடுப்புப் பகுதி. ‘தடுப்பு மருந்து’ என்றால் தடுப்பூசி என்று நினைக்கிறார்கள். ஒரு தடவை போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜெயந்தி எழுதியது:

அங்கேதான் ‘முன்காப்பு மாத்திரை’ நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு முறை தொற்று வந்தவருக்கு மாத்திரை இல்லாவிட்டால் ஓர் ஆண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குத் திரும்பி வருகிறது. தினமும் 400 மில்லிகிராம் நார்ஃபிளாக்சசின் கொடுத்த ஆய்வில் அது ஐவரில் ஒருவராகக் குறைந்தது. காய்ச்சல் போனதும் நிறுத்துகிற மாத்திரை அல்ல அது, நீர் வற்றும் வரை அல்லது மாற்றுக் கல்லீரல் கிடைக்கும் வரை தொடர்வது. இரத்த வாந்தி வந்து சேர்ந்தவர்களுக்குத் தொற்று இல்லாவிட்டாலும் சில நாள் ஊசி மருந்து தருகிறோம். எப்போதும் தொற்றே வராதவர்களில் யாருக்கு மாத்திரை என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகள் பெருகுவதால் இப்போது அது இன்னும் சிக்கல். நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழும், கூடவே சிறுநீரகமோ கல்லீரலோ மோசமாகவும் இருந்தால் பலர் தருகிறார்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தேவையில்லாமல் நீட்டிக்க வேண்டாம் என்பதையும் சேருங்கள், அதை வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தத் தொற்றும் கூடுதலாகக் காணப்படுகிறது.

தொற்றுக்கான மருந்தோடு இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் புரதமான ஆல்புமினையும் மறந்துவிடாதீர்கள். கண்ணன் அம்மா அறுபது கிலோ என்றால் முதல் நாள் 90 கிராம், மூன்றாம் நாள் 60. 1999-இல் வந்த ஆய்வில் தொற்று மருந்தோடு ஆல்புமினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் சிறுநீரகம் கெடுவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

கண்ணன் எழுதியது:

அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது, இரண்டு மாதம் கழித்து நாங்களே நிறுத்தினோம். ‘தடுப்பு’ முடிந்துவிட்டது என்று நினைத்தோம். இன்னும் வயிற்றில் நீர் இருக்கிறது. நாளைக்கே கேட்கிறேன்.

ஜெயந்தி எழுதியது:

நாளை வேண்டாம், இன்றே அவருடைய மருத்துவரை அழையுங்கள். தூக்க முறை மாறினால் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

மல்லிகா எழுதியது:

தொகுக்கிறேன். நோய்க்கு ‘முதல்தெரியா நீர்வயிற்றுத் தொற்று’ நான்கு பேருக்குச் சம்மதம், ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்தில் ஒரு தடவை வரும். ‘சோதனை நீரெடுப்பு’, ‘நீர்வடிப்பு’, ‘முன்காப்பு மாத்திரை’ மூன்றும் போகின்றன. கண்ணன் அம்மாவின் எண்களைப் பெயரில்லாமல் பயிற்சிக் கணக்காகப் போட அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

திருநாவுக்கரசு எழுதியது:

முதல் சொல்லில் மகிழ்ச்சி. ‘சோதனை நீரெடுப்பு’க்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ‘முகத்தல்’ பற்றி விரிவாக இரண்டு நாளில் எழுதுகிறேன், அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.