LM7805 இருபது நிமிஷத்தில் நின்றுபோகிறது, வெப்பக் கணக்கு ஒத்துவரவில்லை

வணக்கம். பட்டர்வொர்த்தில் அப்பாவின் கடைக்காக 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ஒரு பெட்டி செய்தேன். LM7805, டிஓ-220 வடிவம், 0.8 ஆம்பியர் சுமை. மூன்று வாரமாக ஒரே தொல்லை: மதியத்தில் இருபது நிமிஷம் ஓடியதும் வெளியீடு விழுகிறது, ஆறினால் தானாகத் திரும்புகிறது.

சிப்பில் எரிவது (12 − 5) × 0.8 = 5.6 வாட். பெட்டிக்குள் காற்று 45 டிகிரி. வாட்டுக்கு சிப்பின் உள்ளிருக்கும் சந்தியிலிருந்து உறைக்கு 5 டிகிரி, உறைக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள மைக்காத் தகட்டுக்கு 1, ஹீட் சிங்கிலிருந்து காற்றுக்கு 6, மொத்தம் 12. கால் வழியாகப் போர்டுக்குப் போவது சொற்பம், விட்டுவிட்டேன்.

Tj = 45 + 5.6 × 12 = 112 °C

சந்தியின் வரம்பான 125க்குக் கீழேதான், ஓட வேண்டும். ஆனால் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தால் ஹீட் சிங்க் 82, இது கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, சிப்பின் உலோக நாக்கோ 118! நடுவில் 36 டிகிரி, அதாவது மைக்கா இருக்கும் இடத்தில் மட்டும் வாட்டுக்கு 6.4. அப்படியானால் சந்தி 146ஐத் தொடுகிறது, சிப் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

சிப்பை மாற்றினேன், புது மைக்கா போட்டேன், இருபக்கமும் பேஸ்ட் மெல்லிசாகத் தடவினேன், திருகையும் இறுக்கினேன். வித்தியாசமே இல்லை. அப்புறம் கழற்றிப் பார்த்தபோது மைக்காவின் ஒரு ஓரத்தில் பேஸ்ட் அழுந்தாமல் தடித்தே கிடந்தது. ஹீட் சிங்கில் துளை நான் போட்டது, விளிம்பை விரலால் தடவினால் லேசாகக் கீறுகிறது.

அந்தப் பிசிறு ஒன்றே 1ஐ 6.4 ஆக்குமா?