மீச்சிறு செலவு முறைக்குப் பின் ε-ஐ எந்தக் கட்டத்தில் வைப்பது?

வணக்கம். போக்குவரத்துக் கணக்கு ஒன்றில் உதவி தேவை. நிரைகளில் அளிப்பு, நிரல்களில் தேவை, உள்ளே அலகுச் செலவு:

```
      20  25  30
20     2   7   5
30     4   3   6
25     8   9   4
```

மீச்சிறு செலவு முறையில் முதலில் x11 = 20. இங்கேதான் சிக்கல்: முதல் நிரையும் முதல் நிரலும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. பிறகு x22 = 25, x33 = 25, x23 = 5. மொத்தச் செலவு 245. ஐந்து கட்டங்கள் நிரம்ப வேண்டும் (3+3−1), நான்குதான் இருக்கின்றன. x11 தனித்து நிற்பதால் எல்லா u, v மதிப்புகளும் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு காலிக் கட்டத்தில் ε (பூச்சியம்) வைத்தாக வேண்டும்.

ε-ஐ x12-இல் வைத்தால் x13-க்கு 5−(4+6) = −5 வருகிறது. மூடிய பாதையில் குறைக்க வேண்டிய கட்டங்கள் x12, x23. சிறியது ε என்பதால் நகரும் அளவு 0. ε மட்டும் x13-க்கு இடம் மாறுகிறது, செலவு அதே 245. அதன்பின் காலிக் கட்டங்கள் எல்லாம் நேர்மதிப்பு, அதாவது இதுவே உகந்த தீர்வு. மாறாக, முதலிலேயே x21-இல் வைத்தால் ஒரு சுற்றும் தேவையில்லை. எதிர்மதிப்பைப் பார்த்ததுமே தீர்வு தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது வரை தெளிவு.

என் கேள்வி: மூடிய பாதை உண்டாக்காத காலிக் கட்டங்களில் மிகக் குறைந்த செலவுள்ளதில் ε வைப்பது பெரிய அட்டவணையிலும் சரிவருமா? இரண்டு மூன்று ε இருந்தால், பூச்சிய நகர்வுகள் தொடங்கிய இடத்துக்கே திரும்பாமல் தடுக்க நீங்கள் எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள்?