தீப்பெட்டி லேபிளின் கடைசி எழுத்து: ‘ர்’ஆ, துணைக்காலா?

லேபிள் சேகரிப்பவர்:
என்னிடம் உள்ள பழைய தீப்பெட்டி லேபிள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏற்றி வருகிறேன். போன வாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். பெயர் கையால் வரைந்தது. எழுத்துகளின் தலையை ஒரே கோட்டில் கோத்து, இந்தி எழுத்துப் போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சு, ந், த வரை சந்தேகமில்லை. அடுத்தது கோட்டிலிருந்து இறங்கும் ஒரு நேர்க்கால் மட்டும். ர-வின் அடியில் வரும் சாய்கீற்று இல்லை. மேலே சின்ன நட்சத்திரம். அது புள்ளி என்றால் ‘சுந்தர்’, வெறும் அலங்காரம் என்றால் ‘சுந்தா’. பழகிய பெயர் என்பதால் யோசிக்காமல் ‘சுந்தர்’ என்றே ஏற்றிவிட்டேன். இப்போது உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

கோவில்பட்டி வாசகர்:
எழுத்துகள் ஒட்டியிருந்தால் 1978-க்கு முந்தையது என்று எழுதிவிடலாமே. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, லை எல்லாம் ஒட்டித்தான் இருக்கும்.

அச்சகத்தில் இருந்தவர்:
தம்பி சொல்வது பாதி சரி. பழைய லை, ணா ஒட்டிய வடிவம்தான். ஆனால் 1978 அரசாணை வந்த மறுநாளே யாரும் லேபிளை மாற்றவில்லை. பெட்டியின் முகம் மாறினால் வாங்குகிறவர் போலி என்று நினைப்பார். அதனால் பழைய எழுத்திலேயே வெகுநாள் ஓட்டினார்கள். மறுபக்கம், பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே புது வடிவத்துக்கு வந்துவிட்டது. அதனால் எழுத்தை வைத்து மட்டும் ஆண்டு சொல்ல முடியாது. இன்னொன்று, தும்பிக்கை போட்ட லை-யைப் பார்த்து ‘சந்தேகம்’ என்று குறிக்காதீர்கள். வடிவம்தான் பழையது, அது லை என்பதில் ஐயமே இல்லை. இவருடைய நேர்க்கால் அப்படியல்ல, அங்கே எந்த எழுத்து என்பதே தெரியவில்லை.

லேபிள்காரரே, பத்து மடங்கு லென்ஸ் இருக்கிறதா? நட்சத்திரம் எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது, ‘ந்’ மேல் உள்ள புள்ளி எந்த நிறம் என்று பாருங்கள். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சேறும். எழுத்தோடு ஒரே கறுப்பில் வந்திருந்தால், வரைந்தவர் அதை எழுத்தின் பாகமாக நினைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் சொல்லாதவர்:
இது எந்த ஃபான்ட்? டவுன்லோடு செய்ய முடியுமா?

லேபிள் சேகரிப்பவர்:
ஃபான்ட் இல்லைங்க, கையால் வரைந்தது.

ஐயா, பார்த்தேன். ‘ந்’ புள்ளி கறுப்பு, உருண்டை. நட்சத்திரம் சிவப்பு, பெட்டியைச் சுற்றிய பட்டையும் அதே சிவப்புதான். சிவப்பு முழுக்க அரை மில்லிமீட்டர் வலது பக்கம் நகர்ந்து விழுந்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ‘சாத்தூர்’ என்று இருக்கிறது. அதில் துணைக்கால் நேராக இருக்கிறது, ர்-க்குச் சாய்கீற்று தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் ‘சுந்தா’தானே?

அச்சகத்தில் இருந்தவர்:
அவசரப்படாதீர்கள். பொடி எழுத்து அச்சுக் கோத்தது, பெயர் கையால் வரைந்தது. இரண்டும் ஒரே கையில்லை. பழைய அச்சில் ர-வும் காலும் ஒரே மாதிரி நிற்பதும் உண்டு. நிறம் ‘சுந்தா’ பக்கம் சாய்கிறது, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

நூலகப் பட்டியலாளர்:
எங்களுக்கு இது அடிக்கடி வரும். ஒரு வாசிப்பைத் தலைப்பில் போட்டு, பக்கத்தில் சதுர அடைப்பில் கேள்விக்குறி இடுவோம். மற்ற வாசிப்பையும் தேடலில் கிடைக்கும்படி தனியாக ஏற்றுவோம். ஏன் சந்தேகம் என்று குறிப்பில் ஒரு வரி. அசலைப் பார்த்தீர்களா, படத்தையா என்பதும் அவசியம். செல்போன் படத்தில் சாய்கீற்று காணாமல் போவதுண்டு. அப்புறம் ஒரு எச்சரிக்கை. துணைக்காலும் புள்ளியும் தட்டினால் திரையில் ‘ர்’ போலவே தெரியும். தேடினால் கிடைக்காது. எங்கள் பழைய பதிவுகளில் இப்படி ஏராளமாக இருந்ததைத் திருத்தவே மாதக்கணக்கில் ஆனது.

மதுரை அக்கா:
இங்கிலீஷிலும் இதே கதைதான். 2021-ல் கியா கார் லோகோவை மாற்றியபோது, ஐ-யும் ஏ-யும் ஒட்டி நின்றதால் நிறைய பேர் ‘கேஎன்’ என்று படித்து அந்தப் பெயரிலேயே தேடினார்கள். என் அம்மாவுக்கு எழுத்தே படிக்கத் தெரியாது. கடையில் ‘சேவல் போட்டது கொடு’ என்பார். உங்கள் லேபிளில் படம் என்ன?

லேபிள் சேகரிப்பவர்:
மயில், அக்கா. கடையில் ‘மயில் பெட்டி’ என்றே கேட்டிருப்பார்கள் போல. அதையும் ஏற்றிவிட்டேன். பதிவு இப்போது இப்படி:

பெயர்: சுந்தா [?]
வேறு வாசிப்பு: சுந்தர்
படம்: மயில்
குறிப்பு: கடைசி எழுத்து நேர்க்கால், சாய்கீற்று இல்லை. மேலே சிவப்பு நட்சத்திரம். ‘ந்’ புள்ளி கறுப்பு. அசல் லேபிள், லென்ஸில் பார்த்தது.

இதே பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதில் இங்கிலீஷில் பெயர் இருக்கலாம்.