சந்தேகம்: டேக்கார்ட்டின் வாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறதா?

முதுகலை மாணவி: பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலின் மூன்றாம் தியானத்தில் சிக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஐயுற்றுத் தள்ளிய பின் ‘நான் இருக்கிறேன்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. அதிலிருந்து, தெளிவாகவும் துலக்கமாகவும் அறிவதெல்லாம் உண்மை என்று டேக்கார்ட் விதி வகுக்கிறார். நம்மை ஏமாற்றும் ஒரு வல்லவன் இருந்தால்? கடவுள் உண்டு, அவர் ஏமாற்றமாட்டார் என்று நிறுவுகிறார். அந்த நிறுவலின் படிகள் சரி என்பதற்கு என்ன உறுதி? தெளிவாக அறிகிறாராம்! அவர் காலத்து இறையியலாளர் ஆர்னோ அப்போதே இதைக் கேட்டுவிட்டார். நான் எதையாவது தவறவிட்டேனா?

திண்ணை: இதில் சுற்று எங்கே? சிந்திப்பதெல்லாம் இருக்கும், நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன். கடவுளுக்கு அங்கே வேலையே இல்லை.

பழைய ஏடு: கடவுளுக்கு அங்கே வேலை இல்லை என்பது சரி. மற்றது சரியில்லை. ‘சிந்திப்பதெல்லாம் இருக்கும்’ என்ற பொதுவிதியிலிருந்து தொடங்கினால் அதையும் ஐயுற வேண்டியிருக்கும். நூலோடு சேர்ந்து வெளியான இரண்டாம் மறுப்புகளுக்கு எழுதிய பதிலில் டேக்கார்ட்டே இதை மறுக்கிறார். ஐயுறுவதும் சிந்திப்பதுதான், ஏமாற்றுபவனுக்கும் ஏமாற ஓர் ஆள் வேண்டும். ஆனால் அந்த உறுதி, நினைக்கும் கணத்துக்கு மட்டுமே.

கணக்கு ஆசிரியர்: கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருகிறவன் நான். இந்த ஐயத்துக்கு அவர் ஏதாவது வழி சொல்கிறாரா?

பழைய ஏடு: ஐயா, அவருடைய ஐயம் வாழ்நாளில் ஒருமுறை, வேண்டுமென்றே மேற்கொள்வது, அன்றாடக் காரியங்களுக்கு அல்ல. ஆனாலும் உங்கள் பூட்டு இங்கே உதவுகிறது. பூட்டைப் பிடித்திருக்கும்போது ஐயம் வருவதில்லை, தெருமுனையில்தான் வருகிறது. ஆர்னோவுக்கு டேக்கார்ட் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுவே. இப்போது தெளிவாகக் காண்பது வேறு, முன்பு தெளிவாகக் கண்டதாக நினைவுகூர்வது வேறு. இரண்டும் மூன்றும் ஐந்து என்று கண்முன் பார்த்துக்கொண்டிருக்கையில் ஐயுற முடியாது. கவனம் விலகிய பிறகுதான் கடவுளின் உத்தரவாதம் தேவைப்படுகிறது. அப்படிப் படித்தால் சுற்று அறுந்துவிடுகிறது.

முதுகலை மாணவி: நிறுவல் நீளமானதாயிற்றே. கடைசிப் படிக்கு வருவதற்குள் முதல் படி நினைவாகிவிடாதா?

பழைய ஏடு: பழகினால் முழுவதையும் ஒரே பார்வையில் கொள்ளலாம் என்பார். அதைக்கூட ஒப்புக்கொள்வேன். என் குறை வேறு. பார்க்கும்போது ஐயுற முடியவில்லை என்பது என் மனத்தைப் பற்றிய செய்தி. அது உண்மை என்பதற்கு அதுவே சான்றாகாது. ‘நான் இருக்கிறேன்’ தப்பிப்பது, அதை ஐயுறும் செயலே அதை மெய்ப்பிப்பதால். விளைவில் உள்ள அளவு மெய்ம்மையாவது காரணத்தில் இருந்தாக வேண்டும் என்பது கடவுள் நிறுவலின் அடிப்படைப் படி. அதற்கு அந்தப் பலம் இல்லை. முழுக் கவனத்தோடு பார்த்தும் என்னால் அதை ஐயுற முடிகிறது. வாதம் உடைவது அந்த இடத்தில் என்பேன்.

திண்ணை: உங்களால் ஐயுற முடிகிறதென்றால், நீங்கள் அதை இன்னும் தெளிவாகக் காணவில்லை என்பாரே?

பழைய ஏடு: சொல்வார். தெளிவாகக் கண்டதற்கும் கண்டதாகத் தோன்றியதற்கும் வேறுபாடு எப்படி அறிவது என்று திருப்பிக் கேட்பேன். அதற்கு அவரிடம் நிறைவான பதில் எனக்கு அகப்படவில்லை.