புதுப்பிப்பு: பணம் இருந்தும் தடுக்கப்பட்ட கொள்முதல் ஆணை

முன்பு கேட்டது: "துறைக்கு 1,00,000 பட்ஜெட். செலவு 70,000தான். 12,000க்கு ஆணை போட்டால் 'நிதி இல்லை' என்று தடுக்கிறது. ஏன்?"

காரணம் கிடைத்துவிட்டது. ஒருவர் வரம்பைக் கூட்டச் சொன்னார். அது ஒப்புதல் வரம்பு, இங்கே சிக்கல் அதுவல்ல. இன்னொருவர், "திறந்திருக்கும் ஆணைகளும் கணக்கில் வரும்" என்றார். பாதி சரி. இன்னும் முடிக்கப்படாத ஆணைகளுக்கென்று 30,000 அப்படித்தான் ஒதுக்கமாகக் கட்டுண்டு கிடந்தது. ஆனால் அதில் 18,000க்கு எப்போதோ பணம் கொடுத்தாயிற்றே!

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா பில்லைத் திறந்து காட்டினார். ஆணை எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. பில் நேரடியாகப் பதிவானதால் செலவு ஏறியது, ஆணையின் ஒதுக்கம் இறங்கவில்லை. ஒரே 18,000 இரண்டு முறை பிடிபட்டிருக்கிறது.

ஒதுக்கத்தைக் கையால் குறைக்கலாமா என்றேன். "வேண்டாம்பா, ஆணை திறந்தே நிற்கும், நாளைக்கு இன்னொருவர் அதன்மேல் பில் போடுவார்" என்றார். பதிவை ரத்து செய்து, ஆணை எண்ணோடு மறுபடி போட்டோம். செலவு அதே 70,000, மற்ற ஆணைகளின் ஒதுக்கம் 12,000, மீதி 18,000. என் ஆணை உடனே போனது.

ஆண்டு முடிவில் திறந்திருக்கும் ஒதுக்கம் எந்த ஆண்டின் பட்ஜெட்டில் விழும் என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.