புதுப்பிப்பு: காயில் மெட்டல் டிடெக்டர், ஆணியும் டின் மூடியும்

நான் கேட்டது: "டிடெக்டர் காயில் பக்கத்துல அலுமினிய மூடி வச்சா அதோட ஃப்ரீக்வென்சி ஏறுது, ஆணி வச்சா இறங்குது, ஆனா இரும்பு பிஸ்கட் டின் மூடி வச்சா ஏறுது, ஏன்?"

பட்டர்வொர்த் ஊர்ல இருந்து பதில் போட்ட அண்ணன் சொன்னதுதான் சரி. அலுமினியத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி காயிலோட புலத்தை எதிர்க்குது, இண்டக்டன்ஸ் குறையுது, அதனால ஃப்ரீக்வென்சி ஏறுது. இரும்பு காந்தப்புலத்தை உள்ள இழுக்கும், அது இண்டக்டன்ஸைக் கூட்டும், ஆனா தகடா அகலமா இருந்தா அதுலயும் சுழல் மின்னோட்டம் பலமா ஓடி ஜெயிச்சிடும். நேத்து ராத்திரி மூடியைக் காயிலுக்குப் படுக்கையா வச்சேன், 100 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 100 ஹெர்ட்ஸ் ஏறுச்சு, அதாவது இண்டக்டன்ஸ் 0.2% குறைஞ்சிருக்கு, அப்புறம் மூடியை நிமிர்த்தி விளிம்பைக் காட்டினேன், இறங்கிடுச்சு! அதே இரும்புதான், மனசு நிறைஞ்சு போச்சு.

"இரும்புன்னா எப்பவும் இறங்கும்"னு சொன்ன தம்பி, ஆணிக்கு அது சரி, தகட்டுக்கு இல்ல. அதனால ஏறுது இறங்குதுன்னு மட்டும் பார்த்து உலோகத்தை முடிவு பண்ண முடியாது.

இன்னொன்னு, ஃபேன் போட்டா ரீடிங் மெதுவா நகர்ந்துச்சு, அது உலோகம் இல்ல, செராமிக் கெபாசிட்டர் சூட்டுக்கு மாறுது, பாலிப்ராப்பிலீன் போட்டதும் ரொம்ப அடங்கிடுச்சு.

பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரை ஈர மணல்ல சத்தம் மாறுதுன்னு கேட்ட அக்கா, உங்க காயிலுக்கு ஷீல்டு இருக்கா? உப்புத்தண்ணியா, கெபாசிட்டன்ஸான்னு அது தெரியாம சொல்ல முடியல.