கலைச்சொல்: பீஸ் சும்மா கிடக்குற நேரத்துக்கு என்ன பேரு?

ஊசிநூல்:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரா இருக்கேன். லைன் சூப்பர்வைசருங்களுக்கு ஒரு பீஸ் லைன்ல எப்படி நகருதுன்னு காட்டற வேல்யூ ஸ்ட்ரீம் மேப் எப்படி பாக்கறதுன்னு தமிழ்ல ஒரு சின்ன கையேடு எழுதறேன், பாதி வந்துருச்சு, ஒரே ஒரு சொல்லுல வண்டி நின்னு போச்சு. மேப்ல ரெண்டு வேலைக்கு நடுவுல முக்கோணம் போட்டு எத்தன பீஸ் குமிஞ்சு கெடக்குன்னு எழுதுவோம்ல, அதுல இருந்து அந்த பீஸ் எவ்வளவு நேரம் சும்மா இருந்துச்சுன்னு கணக்கு போட்டு கீழ இருக்கிற படிக்கோட்டுல எழுதணும். அதுக்கு "காத்திருப்பு நேரம்"னு போட்டேன். ட்ரெய்னிங்ல கேட்டா பாதி பேரு டெய்லர் வேலையில்லாம உக்காந்திருக்கிற நேரம்னு சொல்றாங்க. வேற நல்ல சொல் இருக்கா?

கணக்கையும் போட்டுடறேன், யாராச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க. ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், நாளைக்கு 800 பீஸ் வேணும், 8 மணி நேர ஷிப்ட், அதாவது 36 செகண்டுக்கு ஒரு பீஸ் வெளிய வரணும். சோல்டர் முடிஞ்சு நெக்குக்கு முன்னாடி 120, நெக் முடிஞ்சு கை ஜாயிண்டுக்கு முன்னாடி 400, கை முடிஞ்சு சைடுக்கு முன்னாடி 160, பாட்டம் மடிக்கிறதுக்கு முன்னாடி 240, செக்கிங் டேபிளுக்கு முன்னாடி 680. மொத்தம் 1600, 800-ஆல வகுத்தா ரெண்டு நாள். ஒரு பீஸ்ல ஊசி ஓடற நேரம் அஞ்சு வேலையும் சேத்து 200 செகண்ட் தான், மூணு நிமிஷம் இருவது செகண்ட்.

லைன்ல இருந்து:

தம்பி நான் 14 வருசமா பவர் டேபிள்ல இருக்கேன், இப்ப சூப்பர்வைசர். காத்திருப்புன்னா டெய்லர் காத்திருக்கிறது தானுங்க, நீங்க சொல்றது எனக்குப் புரியல. எங்க லைன்ல போன வாரம் பேட்லாக் மிஷின் நூலு அறுந்துட்டே இருந்துச்சு, மெக்கானிக் வர ஒண்ணேகால் மணி நேரம், அந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருந்துச்சு, கடைசில டார்கெட் வரலன்னு சத்தம் வாங்கினது யாரு, நானு. அத மேப்ல எங்க எழுதுவீங்க? அதுக்கு முதல்ல ஒரு பேரு வைங்க.

பழஞ்சொல்:

அம்மா சொல்றதுலயே பதில் இருக்கு. காத்திருக்கணும்னா எதிர்பார்ப்பு வேணும், அது மனுஷனுக்குத்தான் பொருந்தும். துணி எதையும் எதிர்பாக்காது. கோப்பு கிடப்புல கிடக்குதுன்னு தான சொல்றோம், காத்திருக்குதுன்னு சொல்றதில்லயே. அதனால் பீஸுக்கு "கிடப்பு நேரம்", டெய்லருக்கு "காத்திருப்பு நேரம்". ரெண்டும் தனித்தனி சொல்லாகிடும்.

சுருக்கி "கிடை நேரம்"னு யாரும் போட்டுடாதீங்க. கிடைன்னா படுக்கைவாட்டம்னு ஒரு அர்த்தம் இருக்கு, கிராமத்துல இருந்து வர்றவங்களுக்கு வயல்ல ஆட்டுக் கிடை போடறதுதான் ஞாபகம் வரும். "தேக்கம்" வேணும்னா அந்த முக்கோணத்துக்கு வச்சுக்கலாம், அது அளவு, நேரம் இல்ல. 400 தேக்கம், அதனால அரை நாள் கிடப்பு.

மெஷின்மணி:

சொல்லு எதுவா வேணா இருக்கட்டும் பாஸ், மேப் சொல்றது தெளிவா இருக்கே. லைனுக்குள்ள பெரிய குவியல் கை ஜாயிண்டுக்கு முன்னாடி 400. அங்கதான் அடைப்பு. இன்னொரு ஓவர்லாக் போட்டு ஒரு டெய்லர உக்கார வைங்க, சரியாப் போயிடும். குவியல் எங்க பெருசோ அங்க மிஷின் பத்தல, இவ்வளவுதான் மேப் படிக்கிறது.

முக்கோணம்:

மெஷின்மணி சொன்னதுல பாதி சரி. பெரிய முக்கோணத்துல இருந்து ஆரம்பிக்கணும்ங்கறது சரிதான். ஆனா மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி அதுக்கு அடுத்து இருக்கிற டேட்டா பாக்ஸைப் பாக்கணும். ஊசிநூல் தம்பி, கை ஜாயிண்டுக்கு ஒரு பீஸுக்கு எத்தன செகண்ட், எத்தன மிஷின்?

ஊசிநூல்:

56 செகண்ட், ரெண்டு மிஷின் அண்ணா. நெக் 34 செகண்ட் ஒரு மிஷின்.

முக்கோணம்:

அப்ப கை ஜாயிண்ட்ல 28 செகண்டுக்கு ஒரு பீஸ் வெளிய வரும். தேவை 36. நெக்ல 34 செகண்டுக்கு ஒண்ணு தான் உள்ளயே வருது. தண்ணி வர்ற குழாய விட போற குழாய் பெருசா இருக்கு, ஆனாலும் தொட்டி நிரம்புது. அப்ப போற குழாய் பாதி நேரம் மூடி இருக்குன்னு தான அர்த்தம். மூணாவது மிஷின் போட்டீங்கன்னா மூணு பேரு சும்மா உக்காந்திருப்பாங்க, 400 அப்படியே இருக்கும். லைனுக்குப் போய் அந்த ரெண்டு டெய்லரும் என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. இன்னொண்ணு, உங்க மேப்ல கை எங்க இருந்து வருது? பாடி வர்ற கோடு மட்டும் தான் இருக்குன்னு நினைக்கிறேன்.

அப்புறம் 800-ஆல வகுத்தது. அது வேணுங்கற எண்ணிக்கை. நிஜமா நாளைக்கு எத்தன வருது?

லைன்ல இருந்து:

நான் சொல்றனுங்க, கை இருக்காது! எங்க லைன்லயும் இதே கதைதான். கை மடிக்கிற பேட்லாக் தனி டேபிள்ல ஓடும், அந்த டெய்லர் M சைஸ் மொத்தமும் முடிச்சுட்டுத்தான் L எடுக்கும், அதுக்கு அது சுலபம். பாடி வர்றது பண்டல் நம்பர் படி எல்லா சைஸும் கலந்து வரும். L பாடி வந்து நிக்கும், L கை வந்திருக்காது. வேற ரோல்ல வெட்டின கைய எடுத்து ஒட்டிட்டா சேடு மாறிடும், செக்கிங்ல அத்தனையும் திரும்பி வரும். அதனால டெய்லருக்கு எடுத்துக் குடுக்கற ஹெல்பர் பொண்ணு சரியான கையத் தேடிட்டே இருக்கும், டெய்லர் அது முகத்தப் பாத்துட்டே இருக்கும்.

ஊசிநூல்:

அக்கா உங்களுக்கு ஒரு கும்பிடு. நேத்து போய் நின்னு பாத்தேன், அச்சு அசலா நீங்க சொன்னது தான். ராக்ல 1100 ஜோடி கை கெடக்குது, பாதிக்கு மேல M, அங்க நிக்கிற பாடில பெரும்பாலானது L, XL. மேப்ல கை வர்ற கிளைய நான் போடவே இல்ல, ஒரே கோடா பாடிய மட்டும் போட்டுட்டேன்.

முக்கோணம் அண்ணா, நிஜமா வர்றது 640 தான். அப்ப 400-ஐ 640-ஆல வகுத்தா 0.625 நாள், அஞ்சு மணி நேரம் ஆகுது, நான் நாலு மணின்னு எழுதியிருந்தேன். எது சரின்னு பாக்க ஒரு பண்டல்ல சிவப்பு ரிப் துணி கட்டி விட்டேன். 9:40-க்கு நெக்க விட்டு வெளிய வந்துச்சு, 3:45-க்கு தான் கை ஜாயிண்ட்ல எடுத்தாங்க, சாப்பாட்டு நேரம் ஒரு மணிய கழிச்சா அஞ்சு மணி அஞ்சு நிமிஷம். ஆனா அன்னிக்கே கட்டின இன்னொரு XL பண்டல் அடுத்த நாள் காலைல தான் நகந்துச்சு.

முக்கோணம்:

ரெண்டுமே எதிர்பாக்க வேண்டியது தான். குவியல வெளிய போற வேகத்தால வகுத்தா கிடைக்கிறது சராசரி, 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்ச விதி அது. வந்த வரிசைலயே எடுக்கலன்னா சராசரி சரியா இருக்கும், ஒவ்வொரு பண்டலும் வேற வேற நேரம் கிடக்கும். வேணுங்கற எண்ணிக்கையால வகுக்கறது மேப் போடறவங்க வழக்கம், தப்பில்ல, அது இந்தக் குவியல் கஸ்டமருக்கு எத்தன நாளைக்கு வரும்னு சொல்லுது. எத்தன நேரம் கிடந்துச்சுன்னு கேட்டா நிஜ வேகம் தான். கையேட்டுல எது எதுன்னு எழுதிடுங்க. எண்ணறதும் ஒரே ஒரு தடவ, அதுவும் காலைல லோடு போட்ட உடனே எண்ணாதீங்க, மூணு வேளை எண்ணி சராசரி எடுங்க.

"கிடப்பு நேரம்" எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சிக்கல். 20 பீஸ் பண்டல் நெக் டெய்லர் மடில இருக்கு. ஒரு பீஸுக்கு 34 செகண்ட், பண்டல் முடிய 11 நிமிஷம் 20 செகண்ட். ஒவ்வொரு பீஸும் மிச்ச 10 நிமிஷம் 46 செகண்ட் பண்டல்ல தான் இருக்கு, ஆனா எந்த முக்கோணத்துலயும் இல்ல, மிஷின்ல ஓடற பண்டல எண்ணாம விட்டா கணக்குலயே வராது. அதையும் கிடப்புன்னு சொல்லலாமா?

கட்டுநாயக்க:

வணக்கம், நான் இலங்கையில கட்டுநாயக்க வலயத்தில ஒரு தொழிற்சாலையில வேலை செய்யிறன். எங்கட லைனில கட்டுக் கட்டுறத குறைச்சு ரெண்டு மூண்டு துண்டாத்தான் குடுக்கினம், அதால நீங்க சொல்ற அந்தப் பதினொரு நிமிசம் எங்களுக்கு ஒரு நிமிசத்துக்கு வந்திட்டுது. முன்னம் அதுக்கும் இதுக்கும் ஒரே சொல்லுத்தான் பாவிச்சம், குழப்பம் வந்தது, ஏனெண்டா முக்கோணத்தைக் குறைக்கிற வழி வேற, கட்டைச் சின்னனாக்கிறது வேற. "கட்டுக் கிடப்பு" எண்டு ஒண்டு, "வரிசைக் கிடப்பு" எண்டு ஒண்டு வைச்சால் என்ன?

பழஞ்சொல்:

"கட்டுக் கிடப்பு" நல்லா இருக்கு. "வரிசை"தான் இடிக்குது, ஏன்னா நீங்களே சொல்றீங்க அவங்க வரிசைப்படி எடுக்கறதில்லன்னு. "இடைக் கிடப்பு"ன்னா ரெண்டு வேலைக்கு இடையிலன்னு வரும்.

லைன்ல இருந்து:

ஐயா இடைக் கிடப்புன்னா எங்க பொண்ணுங்க இடுப்பு வலிக்கு சொல்றீங்களான்னு கேக்கும். உக்காந்து தைக்கிறவங்க. வெறும் கிடப்புன்னே வைங்க, பண்டல்ல இருக்கறதுக்கு மட்டும் கட்டுக் கிடப்பு. நான் எங்க லைன்ல சொல்லிப் பாத்தேன், "எத்தன மணி கிடப்பு?"ன்னு கேட்டா உடனே புரியுது.

மெஷின்மணி:

சரி மிஷின் வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா செக்கிங்குக்கு முன்னாடி 680 இருக்கே, அது கைய விடப் பெருசு, அத ஏன் யாருமே பேசல?

முக்கோணம்:

நல்ல கேள்வி. நிஜ வேகத்துல அது ஒரு நாளுக்கு மேல. பெரும்பாலும் லாட் முழுசா வந்த பிறகு தான் செக்கிங் ஆரம்பிக்கிறாங்களான்னு பாருங்க. நெக்ல அளவு தப்பா ஓடினா அடுத்த நாள் தான் தெரியும், அதுக்குள்ள இன்னும் 640 பீஸ் அதே தப்போட வந்திருக்கும்.

ஊசிநூல்:

ஆமாண்ணா, லாட் முடிஞ்சா தான் எடுக்கறாங்க. அதுக்கு மேனேஜர்ட்ட பேசணும், என் கைல இல்ல. கை டேபிள மட்டும் பாடியோட பண்டல் நம்பர் வரிசைலயே ஓட்டச் சொன்னோம், அந்த டெய்லருக்கு அடிக்கடி சைஸ் மாத்தறது பிடிக்கல, முணுமுணுப்பு இருக்கு. மூணாம் நாள் எண்ணினப்ப 400 இருந்த இடத்துல 160. வேகம் இன்னும் 640 தான், அதனால கிடப்பு அஞ்சு மணில இருந்து ரெண்டு மணி.

கையேட்டுல குவியலுக்கு தேக்கம், நேரத்துக்கு கிடப்பு, பண்டலுக்கு கட்டுக் கிடப்பு, டெய்லருக்கு காத்திருப்புன்னு போடறேன். அக்கா, மெக்கானிக்குக்காக உக்காந்திருந்த அந்த ஒண்ணேகால் மணி, டேட்டா பாக்ஸ்ல மிஷின் ஓடற சதவீதத்துல வந்துரும், தனியா ஒரு வரி எழுதிடறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு. லைக்ரா கலந்த துணிய ரோல்ல இருந்து பிரிச்சு ஒரு நாள் பரப்பிப் போட்டு தான வெட்டறோம், இல்லன்னா வெட்டின பிறகு சுருங்கி அளவு மாறிடும். அதுவும் சும்மா தான் கிடக்குது. அதையும் கிடப்புலயே சேக்கவா?

பழஞ்சொல்:

சேக்காதீங்க. சோத்த ஆறப் போடறோம்ல, அது வேலைதான். "ஆறல் நேரம்".

முக்கோணம்:

ஐயா, சொல் சரி, ஆனா மேப்ல வேலை நேரம் எழுதற கீழ்ப்படில போட்டா அது 200 செகண்டுல இருந்து ஒரு நாளுக்கு எகிறிடும், யாரும் நம்ப மாட்டாங்க. கிடப்பு எழுதற மேல் படில தான் போடணும், வேற கலர்ல.

கட்டுநாயக்க:

எங்கட ஆக்கள் கீழதான் போடினம்.